சேமியா ஐஸ் போட்டோவுக்கு ஒரு கேப்ஷன் வேணும், பள்ளிக்கூட மத்தியானம் ஞாபகத்துக்கு வரணும்

செல்வி கோவில்பட்டி

எல்லாருக்கும் வணக்கம். நானும் என் தங்கச்சியும் சேர்ந்து சின்னதா ஒரு மிட்டாய் கடை போட்ருக்கோம், தேன் மிட்டாய், கமர்கட், இலந்தவடை, ஜவ்வு மிட்டாய்னு எல்லாம் பழைய ஐட்டம்தான். இந்த மாசத்துல இருந்து சேமியா ஐஸும் போடுறோம். தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் ஐஸ் கம்பெனி வெச்சிருக்காரு, அவர்தான் போட்டுத் தர்றாரு. போட்டோ எடுத்து "மறக்க முடியாத பள்ளிப் பருவ நினைவுகள், 90ஸ் கிட்ஸ் மட்டும் வாங்க"ன்னு எழுதிப் போட்டேன், யாரும் கண்டுக்கவே இல்ல. கடைக்கு வந்த ஒரு அக்காகிட்ட கேட்டா, இந்த வரி எல்லாக் கடையிலயும் இருக்கேம்மான்னு சொல்லிட்டாங்க.

நானே ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன்: "உறிஞ்சி உறிஞ்சி கடைசி வாய்ல மாட்டுமே சேமியா, அதுக்குத்தான் அந்த எட்டணா." இது பரவால்லையா? படிச்சதும் மத்தியான சாப்பாட்டு மணி காதுல கேக்கணும் எனக்கு, அதான் வேணும்.

மதுரைக்காரன்

எட்டணாவ எடுத்துருங்க. எங்க காலத்துல நாலணா, எங்க அண்ணன் காலத்துல பத்து பைசா, எனக்கு அடுத்து வந்த பசங்களுக்கு ஒரு ரூவா. விலையப் போட்டா அந்த நாலு வருஷத்துல படிச்ச பசங்க மட்டும் இது நம்ம கதைன்னு நெனப்பாங்க, மத்தவங்க தாண்டிப் போயிருவாங்க. நாலணாக் காசே 2011 ஜூனோட செல்லாம போச்சு, இப்ப காலேஜ் படிக்கிற புள்ளைங்க அதைக் கையால தொட்டிருக்கவே மாட்டாங்க.

ஐஸ்பேக்டரி மகன்

செல்வி தங்கச்சி, எழுதுனது நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு தப்பு இருக்கு. சேமியா கடைசி வாய்ல வராது, மொத வாய்ல வரும். எங்கப்பா 80கள்ல இருந்து ஒரு இருபது வருஷம் ஐஸ் கம்பெனி நடத்துனாரு, லீவு நாள் பூரா நான் ஐஸ் உறைய வெக்கிற தொட்டிகிட்டதான் கெடப்பேன், அதனால சொல்றேன்.

அச்சுல ஊத்தும்போது ஐஸ் தலைகீழா இருக்கும். நாம கையில புடிக்கிற குச்சி மேல நீட்டிட்டு நிக்கும், நாம மொதல்ல கடிக்கிற நுனி அச்சோட அடியில இருக்கும். வெந்த சேமியா பாலை விட கொஞ்சம் கனம், பால் கட்டியாகறதுக்குள்ள அது மெதுவா எறங்கி அடியில உக்காந்துக்கும். எங்க கம்பெனில மொதல்ல ஒவ்வொரு அச்சுலயும் ஒரு சிட்டிகை சேமியாவப் போட்டுட்டுதான் அதுக்கு மேல பாலை ஊத்துவாங்க. வேற எடத்துல வாளியிலயே கலந்து ஊத்துறதையும் பாத்திருக்கேன், அப்ப கலக்கிட்டே ஊத்தணும், கை கொஞ்சம் ஓய்ஞ்சாலும் சேமியா பூரா வாளி அடிக்குப் போயி மொத பத்து அச்சுக்கு வெறும் பால்தான் கெடைக்கும், கடைசி அச்சுல கொத்தா விழும். ஒரே பெட்டில ஒருத்தனுக்கு நெறய சேமியா, பக்கத்துல நிக்கிறவனுக்கு ரெண்டே நூல் வர்றது அதனாலதான். எப்படி ஊத்துனாலும் இருக்குற சேமியா நுனியிலதான் இருக்கும்.

அதனால "கடைசி வாய்"னு எழுதுனா, நெசமாவே தின்னு வளந்தவன் படிக்கும்போது எங்கயோ ஒரு எடத்துல இடிக்கும். அவனுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனா இவங்க சாப்ட்டிருக்க மாட்டாங்கன்னு தோணிரும்.

நடராசு

எங்க ஊர்ல சேமியா குச்சிப் பக்கந்தாங்க இருக்கும். நல்லா ஞாபகம் இருக்கு, குச்சியில ஒட்டிக்கிட்டு இருக்குறதைப் பல்லால இழுத்துத் திம்போம்.

ஐஸ்பேக்டரி மகன்

நடராசு அண்ணே, அப்படியும் போட்டிருக்கலாம். பால் பாதி உறைஞ்சப்புறம் மேல சேமியாவத் தூவிக் குச்சியச் சொருகுனா குச்சிப் பக்கம் நிக்கும். நான் அப்படிப் போட்டுப் பாத்ததில்ல.

வெயில்நகர் பாபு

கேப்ஷன் எல்லாம் சரி, ஆனா அந்த ஐஸ்ல என்ன இருந்துச்சுன்னு நெனச்சா இப்ப பயமா இருக்கு. ஆரஞ்சு ஐஸ உறிஞ்சுனா ரெண்டே நிமிஷத்துல வெள்ளக் கட்டியா ஆயிரும்ல, அதுவே அது முழுக்க கெமிக்கல் கலருங்கறதுக்கு சாட்சி. நல்ல ஜூஸ்ல போட்டா அப்படி வெளுக்காது. சக்கரையும் கெடையாது, சாக்கரின்தான்.

ஐஸ்பேக்டரி மகன்

பாபு, சாக்கரின் நெறய பேர் போட்டாங்கங்கறது உண்மைதான், நாக்குல கடைசியா ஒரு லேசான கசப்பு நிக்கும், அதை வெச்சே கண்டுபுடிச்சிரலாம். ஆனா வெளுத்துப் போறதுக்கும் கெமிக்கலுக்கும் சம்பந்தம் இல்ல. நீங்க வீட்ல சாத்துக்குடி ஜூஸ் புழிஞ்சு உறைய வெச்சு உறிஞ்சிப் பாருங்க, அதுவும் வெளுக்கும். தண்ணி கட்டியாகும்போது தண்ணி மட்டுந்தான் கட்டியாகும், இனிப்பையும் கலரையும் அது ஒதுக்கி வெளிய தள்ளிரும், அது போயி கட்டிக்கு நடுவுல இருக்குற மயிரிழை இடுக்குல பாகா நிக்கும். வாய்ச் சூட்டுக்கு நாம உறிஞ்சும்போது அந்தப் பாகு மொதல்ல வந்துரும், வெறும் ஐஸ் மிஞ்சும்.

சக்கரை கம்மியா இருந்தா கட்டி இன்னும் இறுகிப் போயிரும், சீக்கிரம் வெளுக்கும். சக்கரைதான் ஐஸ மெத்துன்னு வெக்கிறது. சாக்கரின் இத்துணூண்டு போட்டாலே இனிப்பு வந்துரும், அந்த இத்துணூண்டு கட்டிய மெத்துன்னு ஆக்காது. அதான் அந்தக் காலத்து கலர் ஐஸ் பல்லு தெறிக்கிற மாதிரி இருந்துச்சு.

ரம்யா

நான் கேக்க நெனச்சதை நீங்களே எடுத்துட்டீங்க. வீட்ல புள்ளைங்களுக்கு ரெண்டு தடவ சேமியா ஐஸ் போட்டேன், ரெண்டு தடவையும் கல்லு மாதிரி இருந்துச்சு, சேமியா தனியா ரப்பர் மாதிரி இழுக்குது. பால் அர லிட்டர், சக்கரை மூணு ஸ்பூன். எங்க தப்பு பண்றேன்?

ஐஸ்பேக்டரி மகன்

மூணு ஸ்பூன் காபிக்குத்தான் பத்தும்மா. அர லிட்டர் பாலுக்கு 75 கிராம் வரைக்கும் போடுங்க, சூடா இருக்கும்போது குடிச்சுப் பாத்தா தெகட்டணும், உறைஞ்சா இனிப்பு அடங்கிரும். பாலைக் கொஞ்சம் சுண்ட விடுங்க. சேமியாவ வறுக்காதீங்க, தனித் தண்ணில நல்லா கொழைய வேக வெச்சு வடிச்சு, பச்சத் தண்ணில அலசிட்டு அச்சுக்கு ஒரு சிட்டிகை. சாப்பாட்டுக்கு வேக வெக்கிற பதத்த விட ஒரு படி அதிகமா வேகணும், பாதி வெந்தது குளிர்ல இறுகித்தான் ரப்பர் ஆகுது.

இன்னொண்ணு, வீட்டு பிரிஜ்ல உறைய அஞ்சாறு மணி நேரம் ஆகும், எங்க உப்புத் தண்ணித் தொட்டில முக்கா மணி நேரத்துல ஆயிரும். மெதுவா உறைஞ்சா கட்டி பெருசு பெருசா வளரும், நறநறன்னு இருக்கும். அதை வீட்ல முழுசா சரி பண்ண முடியாது. அரிசி மாவோ கார்ன் மாவோ ஒரு ஸ்பூன் கரைச்சு பாலோட கொதிக்க விட்டா கொஞ்சம் மெத்துன்னு வரும்.

யாழ் தம்பி

எங்கட பக்கம் இதுக்கு ஐஸ்பழம் எண்டுதான் பேர். குச்சி ஐஸ் எண்டு நீங்கள் எழுதினா எனக்கு விளங்கும், ஆனால் ஒரு ஞாபகமும் வராது. ஐஸ்பழம் எண்டு ஆரும் சொன்னாத்தான் எனக்கு சைக்கிள் மணிச் சத்தம் கேக்கும். பெட்டியைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு வருவினம், மதிலுக்கு மேலால கையை நீட்டி வாங்குறது. சேமியா ஐஸ் எங்கட ஊரில நான் சாப்பிட்டதில்லை, அதனால சேமியா பற்றிச் சொல்லத் தெரியாது. அக்கா உங்கட ஊர்ச் சொல்லையே போடுங்கோ, எல்லாருக்கும் பொதுவா எழுதப் போனா ஒருத்தருக்கும் ஒட்டாது.

செல்வி கோவில்பட்டி

யாழ் தம்பி சொன்னது மனசுல நிக்குது. சேமியா ஐஸ்னே எழுதிடுறேன்.

ஐஸ்பேக்டரி அண்ணா, நீங்க நுனின்னு சொன்னதும் கடைக்குப் போயி எங்க ஐஸ எடுத்துப் பாத்தேன். சேமியா நுனியில இல்ல, மேல கீழ எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவி இருக்கு. "நுனியில சேமியா"ன்னு எழுதலாம்னு நெனச்சேன், இப்ப எழுதுனா பொய்யாயிரும்.

ஐஸ்பேக்டரி மகன்

உங்களுக்குப் போட்டுத் தர்றவர் மாவு சேத்து பாலைக் கெட்டியாக்குறாரு போல, கெட்டிப் பால்ல சேமியா எறங்காது, போட்ட எடத்துலயே நின்னுரும். கேட்டுப் பாருங்க. பாக்க நல்லா இருக்கணும்னு இப்ப நெறய பேர் அப்படித்தான் பண்றாங்க. ரம்யாவுக்கு நான் மாவு சொன்னது வீட்டு பிரிஜ்ஜுக்கு, தொட்டில போடுறவருக்கு அது தேவையே இல்ல. பழைய மாதிரி வேணும்னா மாவ நிறுத்தச் சொல்லுங்க.

மதுரைக்காரன்

அந்த உப்பு ஐஸ் யாருக்காவது ஞாபகம் இருக்கா? பத்து ஐஸ் வாங்குனா ஒண்ணு உப்புக் கரிக்கும். எங்க பள்ளிக்கூடத்துல அதுக்கு ஒரு கதையே ஓடுச்சு, ஐஸ்காரர் வேர்வை சொட்டிருச்சுன்னு. பாவம் அந்த மனுசன், நாங்க அவர் மூஞ்சிக்கு நேராவே சொல்லுவோம்.

ஐஸ்பேக்டரி மகன்

அது தொட்டித் தண்ணி அண்ணே. அச்சு எல்லாம் உப்புத் தண்ணிலதான் முங்கி நிக்கும், தண்ணில உப்பு நெறய இருந்தாதான் பூஜ்யத்துக்குக் கீழ பத்து டிகிரி போனாலும் அது உறையாம தண்ணியாவே இருக்கும். அந்த உப்பே தகர அச்ச அரிச்சிரும். ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தா போதும், உப்புத் தண்ணி உள்ள வந்துரும், அந்த அச்சுல வர்ற ஐஸ் பூரா கரிக்கும், நுனி சரியா உறையாம கொழகொழன்னு வேற இருக்கும். அச்சத் தூக்கும்போது தெறிச்சாலும் கரிக்கும், ஆனா அது மேலோட்டமா இருக்கும், ஒரு தடவ நக்குனா போயிரும். எங்கப்பா ஓட்டை அச்சுக்கு நூல் கட்டி அடையாளம் வெச்சு ஈயம் பத்த வெக்கக் குடுப்பாரு. தள்ளுவண்டிக்காரர் மேல எந்தத் தப்பும் இல்ல, அவர் பெட்டில எடுத்துட்டுப் போறவர்தான், திட்டு மட்டும் அவருக்கு.

டீச்சரம்மா

நான் முப்பத்திரண்டு வருஷம் தொடக்கப் பள்ளியில வேலை பாத்தேன். நீங்க எல்லாரும் திங்கிற பக்கத்துல இருந்து எழுதுறீங்க, நான் பாத்த பக்கத்த சொல்றேன்.

மத்தியானம் மொதப் பீரியட்ல வருகைப் பதிவு எடுக்கும்போதே யார் யார் ஐஸ் தின்னாங்கன்னு தெரிஞ்சிரும். கலர் ஐஸ் தின்னவன் வாயத் தெறக்க மாட்டான், உள்ளேன் டீச்சர்ங்கறத பல்ல மூடிக்கிட்டே சொல்லுவான், நாக்கு ஆரஞ்சா இருக்கும்ல. சேமியா ஐஸ், பால் ஐஸ் தின்னதுக்கு நாக்குல அடையாளம் இருக்காது. ஆனா கையில இருக்கும். வெயில்ல உருகி மணிக்கட்டுல எறங்கி முழங்கை வரைக்கும் ஒரு கோடு வழிஞ்சிருக்கும், பிசுபிசுன்னு காஞ்சு, அது மேல மைதானத்துப் புழுதி ஒட்டி, பென்சில்ல கோடு போட்ட மாதிரி மண் கலர்ல தெரியும். அந்தக் கைய நோட்டு மேல வெச்சு எழுதுவாங்க, தாள் கையோட ஒட்டிக்கிட்டு வரும். திருத்தும்போது அந்தப் பக்கம் அடுத்த பக்கத்தோட ஒட்டிருக்கும், நான் மெதுவா பிரிப்பேன்.

வாங்கித் திங்க காசு இல்லாத புள்ளைங்களுக்கு அந்தக் கோடு இருக்காது, அதையும் பாத்திருக்கேன். ஒரு பையன் குழாய்த் தண்ணிய முழங்கை வரைக்கும் வழிய விட்டுட்டு வந்து உக்காந்திருந்தான் ஒரு நாள். நான் ஒண்ணும் கேக்கல.

ரம்யா

டீச்சர், என் நோட்டும் அப்படி ஒட்டிருக்கு. எந்தப் பக்கம்னு கூட ஞாபகம் இருக்கு, வாய்ப்பாடு எழுதுன பக்கம்.

நடராசு

எனக்கு காசு கெடையாது, பழைய செருப்பு, இரும்புத் துண்டு குடுத்து வாங்கிருக்கேன். எங்க ஊருக்கு வர்றவர் நெல்லுக்கும் குடுப்பாரு. கேப்ஷன்ல காசப் போடாதீங்கன்னு மதுரைக்காரர் சொன்னது சரிதான், என்ன மாதிரி ஆளுங்களுக்கு எந்த விலையுமே ஒட்டாது.

வெயில்நகர் பாபு

சத்தம் ஒண்ணு போடுங்க கேப்ஷன்ல. பாம் பாம்னு அந்த ரப்பர் ஹாரன். அது போதும், வேற எதுவுமே வேண்டாம்.

நடராசு

ஹாரனா? எங்க ஊர்ல பெட்டி மூடிய டப்பு டப்புன்னு தட்டுவாரு. ஹாரன் பொம்மை விக்கிறவருக்கு.

மதுரைக்காரன்

எங்களுக்கு கை மணி. சத்தத்தப் போட்டா ஊருக்கு ஊர் சண்டைதான் வரும், விட்ருங்க.

செல்வி கோவில்பட்டி

ஒரு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க, கடையில வேல.

ஐஸ்பேக்டரி அண்ணா சொன்னது சரி, அவர் மாவுதான் சேத்திருக்காரு. நிறுத்தச் சொன்னேன், மொதல்ல யோசிச்சாரு, ஒரே ஒரு அச்சுச் சட்டம் மட்டும் போட்டுப் பாப்போம்னு சம்மதிச்சாரு. மொதத் தடவ சேமியாவ வாளியிலயே கலந்து ஊத்துனாரு, நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு, மொத அச்செல்லாம் வெறும் பால், கடைசில ஊத்துன மூணு அச்சுல பாதிக்கு சேமியா. ரெண்டாவது தடவ அச்சுல தனித்தனியா சிட்டிகை போட்டுட்டு ஊத்துனாரு. எடுத்துப் பாத்தா நுனியில ஒரு விரல் மொத்தத்துக்கு சேமியா கொத்தா நிக்குது, மீதி பூரா பால். தங்கச்சி ஒண்ணக் கடிச்சிட்டு அப்படியே நின்னுட்டா, பேசவே இல்ல கொஞ்ச நேரம். ஒரே ஒரு கொறை, மாவு இல்லாததால வெளிய எடுத்ததும் சீக்கிரம் உருகுது. கடையில வெச்சுத் திங்கிறவங்களுக்கு சரி, பார்சல் கேக்குறவங்களுக்கு இதைக் குடுக்க முடியல, அவங்களுக்கு இன்னும் மாவு போட்டதுதான் குடுக்குறோம். ரெண்டையும் வேற வேற பேர்ல வெக்கணுமான்னு யோசிக்கிறேன்.

போட்டோவும் மாத்திட்டேன். முன்னாடி ஐஸ தட்டுல வெச்சு எடுத்திருந்தேன். இப்ப தங்கச்சி மகன் கையில குடுத்து, வெயில்ல நிக்க வெச்சு, வழியட்டும்னு விட்டுட்டேன். முழங்கை வரைக்கும் வழிஞ்சப்புறம் எடுத்த படம். மூஞ்சி தெரியாது, கை மட்டுந்தான்.

டீச்சர், உங்க வார்த்தையிலதான் எழுதிருக்கேன், நீங்க சரின்னு சொன்னா கடை போர்டுலயும் எழுதிருவேன்:

"மொதக் கடியில சேமியா. முழங்கை வரைக்கும் ஒரு கோடு. மத்தியானம் மொதப் பீரியட்ல நோட்டு கையோட ஒட்டிக்கிட்டு வரும்."

டீச்சரம்மா

எழுதுங்கம்மா. "ஒரு கோடு"ங்கறத "ஒரு பால் கோடு"ன்னு மாத்தாதீங்க, யாராவது சொல்லுவாங்க, மாத்தாதீங்க. தின்னவங்களுக்கு அது என்ன கோடுன்னு தெரியும்.

ஐஸ்பேக்டரி மகன்

மொத வரி எனக்குப் போதும். அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன், அச்சுக்கு எவ்வளவு சேமியா போடுறாங்கன்னு கேட்டாரு. ரெண்டு விரல்ல எடுக்குறது போதுமாம், மூணு விரல்ல எடுத்தா நுனி ஒடஞ்சு அச்சுலயே தங்கிருமாம். அந்த அண்ணன்கிட்ட சொல்லிருங்க.

நடராசு

கேப்ஷன் நல்லாருக்கு. குச்சிப் பக்கம் சேமியா தின்னவன் நான் மட்டுந்தானா இங்க? பழனி ரோட்டுப் பக்கத்து ஊர்க்காரங்க யாராவது இருந்தா சொல்லுங்க.